பிறரும் எடுத்துப் பயன்படுத்தும் திறமூலத் திட்டம்: தமிழ் உரைப் பிழை காணும் ஒரு சிறு கருவி – கேள்வியும் பதிலும்

இரண்டு வருஷமாகப் பைதான் எழுதுகிறேன். வேலைக்குப் போகும்போது காட்ட ஒரு ப்ராஜெக்ட் வேண்டும். நாலு பேர் எடுத்துப் பயன்படுத்தும்படி என்ன செய்யலாம்?

தமிழ் உரையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் யூனிகோடுப் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஒரு சிறிய கருவியைச் செய்யுங்கள். உங்கள் அளவுக்குப் பொருத்தமான வேலை அது. நூறு வரிக்குள் முதல் வடிவம் வந்துவிடும். ஆனால் அதைச் சரியாகச் செய்ய மொழியும் தெரிய வேண்டும், நிரலும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு.

நான் இதில் இறங்கிய கதை சின்னது. ஒரு செய்தித் தொகுப்பை வைத்துத் தேடல் வசதி செய்துகொண்டிருந்தேன். ‘தேர்தல்’ என்று தேடினால் வரவேண்டிய கட்டுரைகளில் ஒரு பகுதிதான் வந்தது. வராத கட்டுரையைத் திறந்து பார்த்தால் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அதை வெட்டி எடுத்து ஒவ்வொரு எழுத்தின் குறியீட்டெண்ணையும் அச்சிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ‘தேர்தல்’ இல்லை, ‘தோ்தல்’. த-வுக்குப் பிறகு ஓகாரக் குறி, அதற்கு மேல் ஒரு புள்ளி. ரகரமே அந்தச் சொல்லில் கிடையாது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும்.

யூனிகோடு வந்து இத்தனை வருஷம் ஆகியும் இந்தப் பிழை எப்படி வருகிறது?

பழைய எழுத்துப் பழக்கத்திலிருந்து வருகிறது. அந்தக் காலத்து அச்சிலும் கையெழுத்திலும் ரகரத்துக்குப் புள்ளியோ, இகர ஈகாரச் சுழியோ சேர்ந்தால் அதன் கீழ்க்கோட்டை இழுக்கமாட்டார்கள். ர், ரி, ரீ மூன்றும் துணைக்காலின் மேல் குறி வைத்ததுபோல்தான் இருக்கும். தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர்களும் துணைக்கால் விசையையே அடித்துப் புள்ளி வைத்தார்கள். தாளில் அது சரியான எழுத்துதான். அதே விரல் பழக்கம் கணினிக்கு வந்தபோதும், பழைய எழுத்துரு ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றியபோதும், துணைக்கால் துணைக்காலாகவே பதிந்துவிட்டது.

இந்தப் பின்னணி நிரலுக்கு நேரடியாக உதவும். எந்த மூன்று குறிகளுக்கு முன்னால் இந்தப் பிழை வரும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது: புள்ளி, இகரக் குறி, ஈகாரக் குறி. ‘அவா்கள்’, ‘காாியம்’, ‘தொியும்’ எல்லாம் இந்த ஒரே குடும்பம். ‘ரு’, ‘ரை’ போன்றவற்றில் இந்தப் பிழை வருவதில்லை, ஏனென்றால் அங்கே பழைய எழுத்திலும் ரகரம் முழுசாகத்தான் இருந்தது.

பைதானில் யூனிகோடை ஒழுங்குபடுத்த ஏற்கெனவே `normalize` இருக்கிறதே, அது போதாதா?

ஒரு பிழைக்கு மட்டும் போதும். ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக வைப்பது இன்னொன்று. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். அதனால் `NFC` அவற்றை ஒன்றாக்கிவிடும்.

```python
import unicodedata
a = "\u0B95\u0BC6\u0BBE"
b = unicodedata.normalize("NFC", a)
print(len(a), len(b))   # 3 2
```

‘அவா்கள்’ அப்படி இல்லை. துணைக்காலும் ரகரமும் யூனிகோடின் கண்ணில் வெவ்வேறு எழுத்துகள், உருவம் ஒத்திருப்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஆகவே `NFC` அதைத் தொடாது.

அதைவிட மோசம், `NFC` பிழையை இன்னும் ஆழத்தில் புதைத்துவிடும். ‘சேர்’ என்பதை ஒருவர் ச, இரட்டைக்கொம்பு, துணைக்கால், புள்ளி என்று அடித்திருக்கிறார் என்று வையுங்கள். `NFC` இரட்டைக்கொம்பையும் துணைக்காலையும் பார்த்து ‘இது ஓகாரம்’ என்று ஒட்டிவிடும். இப்போது கையில் இருப்பது ‘சோ்’. துணைக்கால் தனியாக இல்லாததால், ‘துணைக்காலுக்குப் பின் புள்ளி’ என்று தேடும் விதிக்கு இது சிக்காது. என் செய்தித் தொகுப்பில் ‘தோ்தல்’ ஓகாரக் குறியோடு இருந்ததும் இப்படித்தான். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள், உள்ளே வரும் உரையை `NFC` ஆக்கித்தான் சேமிக்கிறது. அங்கே ஒட்டாத ‘கொ’வைப் பார்க்கவே முடியாது, ‘தோ்தல்’ மட்டும் தாராளமாக உட்கார்ந்திருக்கலாம்.

அப்படியானால் எந்த வரிசையில் திருத்துவது? நிரலைக் காட்ட முடியுமா?

முதலில் `NFC` ஆக்கிவிடுங்கள். உரை எந்த வழியில் வந்திருந்தாலும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். பிறகு துணைக்காலை மட்டுமல்லாமல், அதைத் தன்னுள் வைத்திருக்கும் ஒகர, ஓகாரக் குறிகளையும் சேர்த்துத் தேடுங்கள்.

```python
import re, unicodedata

RA = {
    "\u0BBE": "\u0BB0",
    "\u0BCA": "\u0BC6\u0BB0",
    "\u0BCB": "\u0BC7\u0BB0",
}
PAT = re.compile("[\u0BBE\u0BCA\u0BCB](?=[\u0BCD\u0BBF\u0BC0])")

def fix_ra(text):
    text = unicodedata.normalize("NFC", text)
    return PAT.sub(lambda m: RA[m.group()], text)
```

துணைக்காலுக்குப் பின்னால் புள்ளி வந்தால் துணைக்கால் ரகரம் ஆகிறது. ஓகாரக் குறிக்குப் பின்னால் புள்ளி வந்தால் அது இரட்டைக்கொம்பும் ரகரமுமாகப் பிரிகிறது. ‘தோ்தல்’ தேர்தல் ஆகிவிடும், ‘தொியும்’ தெரியும் ஆகிவிடும். ‘பாா்’ போல இரண்டு துணைக்கால் அடுத்தடுத்து வந்தாலும் இரண்டாவது மட்டுமே மாறி ‘பார்’ கிடைக்கும். கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இந்த விதியை நான் நம்பிக்கையோடு தானாகத் திருத்தவிடுகிறேன். காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தமிழில் ஓர் உயிர்க்குறியின் மேல் புள்ளியோ இன்னொரு உயிர்க்குறியோ ஏறாது. ஆகவே இந்த வரிசை எங்கே வந்தாலும் அது பிழைதான். சரியான சொல் எதையும் இது கெடுக்காது.

‘கெளரவம்’ என்று எழுதுவதையும் இப்படியே திருத்திவிடலாமா?

அங்கேதான் நான் வசமாக மாட்டினேன். விவரமாகச் சொல்கிறேன்.

ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டு ள போலவே இருக்கும். அதனால் பலர் ஒற்றைக்கொம்பையோ, சொல்லின் முதலில் ஒ-வையோ அடித்துப் பக்கத்தில் ளகரத்தை வைத்துவிடுகிறார்கள். ‘கெளரவம்’, ‘மெளனம்’, ‘பெளர்ணமி’, ‘ஒளவையார்’. படிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, தேடுகிற கணினிக்குத் தெரியும். அகரவரிசைப்படுத்தினாலும் இடம் மாறிப் போகும்.

நான் முதலில் எழுதிய விதி இது: ஒற்றைக்கொம்புக்குப் பின் ள வந்து, அந்த ள-வின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லையென்றால் அதை ஔகாரமாக்கு. ‘வெள்ளம்’ தப்பிவிடும், அங்கே புள்ளி இருக்கிறது. ‘தெளிவு’ தப்பிவிடும், அங்கே இகரக் குறி இருக்கிறது. ‘கெளுத்தி’ மீனும் தப்பிவிடும். கட்டுரைகளில் ஓட்டிப் பார்த்தேன், ஒரு பிழையும் கண்ணில் படவில்லை. வெளியிட்டும் விட்டேன்.

பிறகு அதை ஒரு சிறுகதைத் தொகுப்பில் ஓட்டியவர் ஓர் இஷ்யூ திறந்தார். கதையில் ‘கெளம்பிட்டான்’ என்று இருந்ததைக் கருவி ‘கௌம்பிட்டான்’ ஆக்கியிருந்தது. ‘மெளகாப்பொடி’ ‘மௌகாப்பொடி’ ஆகிவிட்டது. ‘வெளக்குமாறு’, ‘வெளங்கல’ எல்லாம் அதே கதி. பேச்சுத்தமிழில் கிளம்பு, மிளகாய், விளக்கு என்று இகரத்தில் தொடங்குபவை எகரமாகத் திரியும், அதற்குப் பின் வெறும் ளகரம் நிற்கும். என் சோதனை உரை முழுவதும் எழுத்துத்தமிழ். வீட்டில் நாள் முழுக்கக் ‘கெளம்பு கெளம்பு’ என்று பேசுகிற எனக்கே அது தோன்றவில்லை.

இப்போது அதை வடிவத்தை மட்டும் பார்த்துத் திருத்துவதில்லை. ஔகாரம் தமிழில் பெரும்பாலும் சொல்லின் முதலெழுத்தில்தான் வருகிறது, அப்படி வரும் சொற்களும் எண்ணிவிடக்கூடியவை. ஆகவே கௌரவ, கௌதம, மௌன, பௌர்ணமி, பௌத்த, சௌகரிய, சௌந்தர, யௌவன, லௌகீக, வௌவால், ஔவை, ஔடத என்று சொல்லின் தொடக்கங்களை ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். ஒரு சொல் அந்தத் தொடக்கங்களில் ஒன்றைப் பிழையான வடிவில் கொண்டிருந்தால் மட்டும் திருத்தம். மற்ற இடங்களில் ‘இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற எச்சரிக்கை மட்டும் வரும். பட்டியலில் இல்லாத சொல் ஒன்று திருத்தப்படாமல் போகலாம். அது பரவாயில்லை. சரியாக இருந்ததைக் கெடுப்பதைவிடப் பிழையை விட்டுவைப்பது மேல்.

பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்ததில் இன்னொரு லாபமும் கிடைத்தது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் அதில் ஒரு வரி சேர்த்து அனுப்ப முடிகிறது. எனக்கு வந்த முதல் புல் ரிக்வெஸ்ட் அப்படி வந்த ஒரே ஒரு சொல்தான்.

வேறு என்னென்ன பிழைகளைச் சேர்க்கலாம்?

ஆரம்பத்தில் மூன்றைத் தாண்டாதீர்கள். ரகரமும் ஔகாரமும் போக, மூன்றாவதாகக் கண்ணுக்குத் தெரியாத குறிகளைச் சேர்க்கலாம். இணையத்திலிருந்து நகலெடுத்த உரையில் `U+200B`, `U+FEFF` போன்றவை சொல்லின் நடுவில் புகுந்துகொள்ளும். அவற்றை எடுத்துவிடலாம். ஆனால் `U+200C` மேல் கை வைக்கும்போது கவனம். க்-க்கும் ஷ-வுக்கும் நடுவில் அது இருந்தால், அவை க்ஷ என்று கூட்டெழுத்தாகிவிடாமல் இருக்க வேண்டுமென்றே யாரோ வைத்திருக்கலாம்.

தமிழ் எண்கள் எழுத்துகளாக வேஷம் போடுவதும் உண்டு. ௧ என்ற எண் க போலவும், ௨ என்பது உ போலவும், ௭ என்பது எ போலவும், ௮ என்பது அ போலவும் இருக்கும். இதற்கு எச்சரிக்கை மட்டும் கொடுங்கள். ‘௧௨ஆம்’ என்று எண்ணோடு எழுத்தை ஒட்டி எழுதுவது முறையான வழக்கம்தான். ஸ்ரீ-யும் இரண்டு குறியீட்டு வரிசைகளில் கிடைக்கும், ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. எது வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவர் தேர்ந்தெடுக்கட்டும்.

தமிழுக்கு ஏற்கெனவே `open-tamil` மாதிரி நூலகங்கள் இருக்கின்றனவே. நான் ஏன் புதிதாக ஒன்று செய்ய வேண்டும்?

முதலில் அதை நிறுவி ஒரு மாலை முழுக்கப் பயன்படுத்திப் பாருங்கள். எழுத்துகளைப் பிரிப்பது, எண்ணுவது போன்றவற்றுக்கு அதில் ஏற்கெனவே செயற்கூறுகள் உள்ளன. `tamil.utf8.get_letters` ஒரு சொல்லைக் குறியீடுகளாக இல்லாமல் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். அதை நீங்கள் மறுபடி எழுத வேண்டாம்.

உங்களுடையது தனிக் கருவியாக இருக்கலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், அது வேறு ஆட்களுக்கான வேலை. நூலகத்தைப் பயன்படுத்துபவர் நிரலாளர். பிழைதிருத்துபவரும் மின்னூல் செய்பவரும் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பவரும் ஒரு கோப்பைக் கொடுத்து அறிக்கையை வாங்க நினைப்பவர்கள். நீங்கள் எழுதும் ரகர விதி நன்றாக வேலை செய்தால், அந்த ஒரு செயற்கூறை மட்டும் பெரிய நூலகத்துக்கும் அனுப்பிப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் உங்கள் கருவி அதையே அழைத்துக்கொள்ளலாம், உங்களிடம் நிரல் குறையும்.

இணையதளமாகச் செய்வதா, கட்டளை வரியில் ஓடுவதா?

கட்டளை வரிக் கருவியும் அதற்குள் ஒரு சிறு நூலகமும். பெட்டியில் ஒட்டித் திருத்தும் இணையப்பக்கம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் முந்நூறு பக்கப் புத்தகத்தை யாரும் பெட்டியில் ஒட்டமாட்டார்கள். வழங்கியை மாதாமாதம் பராமரிக்கும் வேலையும் உங்கள் தலையில் விழும். `pip install` செய்தால் ஓடுகிற கருவி, நீங்கள் ஆறு மாதம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் ஓடும்.

நடத்தையில் ஒன்றை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே ஓட்டினால் கோப்பை மாற்றக் கூடாது, அறிக்கை மட்டும் தர வேண்டும். `--fix` என்று கேட்டால் மட்டுமே மாற்ற வேண்டும். பிழை இருந்தால் வெளியேறும் எண் 1, இல்லையென்றால் 0. இந்தச் சின்ன ஒழுங்கு இருந்தால் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஒருவர் உங்கள் கருவியை ஒரு வரியில் பொருத்திவிடலாம்.

அறிக்கையின் வடிவத்துக்கு நேரம் செலவிடுங்கள். இங்கே பிழையும் திருத்தமும் ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் சிக்கலே. ‘தோ்தல் → தேர்தல்’ என்று மட்டும் காட்டினால், ‘இரண்டும் ஒன்றுதானே, கருவி கெட்டுப்போய்விட்டது’ என்று கேட்டு எழுதுவார்கள். எனக்கு எழுதினார்கள். குறியீட்டெண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள்:

```
seythi.txt:14: தோ்தல் -> தேர்தல்
    U+0BCB U+0BCD -> U+0BC7 U+0BB0 U+0BCD
```

விண்டோஸில் கோப்பைத் திறந்தாலே பிழை வருகிறது. ஏன்?

`open` அழைக்கும்போது குறியேற்றத்தைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். விண்டோஸில் பைதான் அந்தக் கணினியின் உள்ளூர் குறியேற்றத்தை எடுத்துக்கொண்டு தமிழில் தடுமாறும். லினக்ஸில் மட்டும் சோதித்தால் இது தெரியவே வராது.

```python
open(path, encoding="utf-8", newline="")
```

`newline=""` இல்லாவிட்டால் இன்னொரு தொல்லை. விண்டோஸ் வரிமுடிவுகளைக் கொண்ட கோப்பை லினக்ஸில் திருத்தி எழுதும்போது எல்லா வரிமுடிவுகளும் மாறிவிடும். திருத்தியது இரண்டு சொல், கிட்டில் பார்த்தால் கோப்பு முழுக்க மாறியதாகக் காட்டும். உங்கள் கருவியை நம்பி ஓட்டியவர் அதோடு அதை விட்டுவிடுவார்.

சோதனைகளை எப்படி எழுதுவது? கண்ணால் பார்த்தால் தெரியாதே.

தெரியாது. அதனால் சோதனைக் கோப்பில் பிழையான உரையைத் தமிழ் எழுத்தாக எழுதாதீர்கள். உங்கள் தொகுப்பானோ, விசைப்பலகையோ, வேறு ஏதோ ஒரு கருவியோ அதை அமைதியாகத் திருத்திவிட்டால் சோதனை அர்த்தமில்லாமல் தேறிக்கொண்டிருக்கும். எண்களாக எழுதுங்கள்:

```python
def test_therthal():
    bad = "\u0BA4\u0BCB\u0BCD\u0BA4\u0BB2\u0BCD"
    good = "\u0BA4\u0BC7\u0BB0\u0BCD\u0BA4\u0BB2\u0BCD"
    assert fix_ra(bad) == good
    assert fix_ra(good) == good
```

கடைசி வரிதான் முக்கியம். சரியான உரையைக் கொடுத்தால் அப்படியே திரும்பி வர வேண்டும். ஒருமுறை திருத்தியதை மறுபடி கொடுத்தாலும் மாறக் கூடாது. இந்த இரண்டாவது குணத்தை `hypothesis` கொண்டு, தமிழ்க் குறியீடுகளைத் தாறுமாறாகக் கோத்த ஆயிரக்கணக்கான சரங்களில் சோதிக்கலாம். நீங்கள் யோசிக்காத சேர்க்கைகளை அது கொண்டுவந்து நிறுத்தும்.

அதற்கு மேல் ‘தொடக் கூடாதவை’ என்று ஒரு கோப்பு வையுங்கள். கெளம்பு, மெளகா, வெளக்கு, கெளுத்தி, தெளிவு, ஒளி, வெள்ளம். யாராவது தவறான திருத்தத்தைப் பற்றி எழுதினால் முதலில் அந்தச் சொல் இந்தக் கோப்புக்குள் போகட்டும், சோதனை விழட்டும், பிறகு நிரலைச் சரிசெய்யுங்கள். கட்டுரை, கதை, பேச்சுவழக்கு, பழைய நூல் என்று உரை வகைகளைக் கலந்து வைத்திருந்தால் என்னைப் போல மாட்டமாட்டீர்கள்.

சோதனைக்குச் செய்தித்தாள் கட்டுரைகளை ரெப்போவில் போடலாமா?

வேண்டாம், அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. உங்கள் கணினியில் ஓட்டிப் பார்ப்பது வேறு, பொதுவில் ஏற்றுவது வேறு. விக்கிப்பீடியா உரை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது, ஆனால் எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டும், பகிர்வதும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும். உங்கள் நிரலை எம்.ஐ.டி. உரிமத்தில் வைத்துவிட்டு அந்த உரையை அதே கோப்புறையில் கலந்தால் குழப்பம் வரும். தனிக் கோப்புறை, தனி உரிமக் கோப்பு. அதைவிட எளிது, ஐம்பது வாக்கியங்களை நீங்களே எழுதிவிடுவது. நிரலுக்கு எம்.ஐ.டி. போதும், மற்றவர்கள் தங்கள் மென்பொருளுக்குள் எடுத்து வைத்துக்கொள்ள அதில் தடை குறைவு.

முதல் பயனரை எங்கே பிடிப்பது?

தமிழ் உரையோடு தினமும் மல்லுக்கட்டுகிற ஒரே ஒருவரைத் தேடுங்கள். மின்னூல் செய்கிறவர், சிற்றிதழ் பக்கம் வடிவமைக்கிறவர், அகராதித் தரவு தொகுக்கிறவர், யாராக இருந்தாலும் சரி. அவருடைய கோப்பை வாங்கி உங்கள் கணினியில் ஓட்டி அறிக்கையை அனுப்புங்கள். கருவியை நிறுவச் சொல்லிக் கேட்காதீர்கள். அறிக்கை உதவியாக இருந்தால் அவரே கேட்பார்.

விக்கிப்பீடியாவில் இந்தப் பிழைகளைத் தானியங்கி வைத்துத் திருத்திவிடலாம் என்று ஆசை வரும். தானியங்கிக் கணக்குக்கு அங்கே சமூகத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும், கேட்காமல் ஓட்டாதீர்கள். மேற்கோள் காட்டிய நூற்பெயர்களும் வெளி இணைப்புகளும் அந்தப் பக்கங்களில் இருக்கும். இணைப்பு முகவரிக்குள் ‘தோ்தல்’ என்று இருந்தால் அதைத் திருத்தக் கூடாது, திருத்தினால் இணைப்பு உடைந்துவிடும். முகவரிகளைத் தாண்டிச் செல்லும் வசதியை உங்கள் கருவியில் முதலிலேயே வைத்துவிடுங்கள்.

நேர்முகத்தில் ‘இது வெறும் தேடி மாற்றும் நிரல்தானே’ என்று கேட்டால்?

‘கெளம்பிட்டான்’ இஷ்யூவைத் திறந்து காட்டுங்கள், அதாவது உங்கள் ரெப்போவில் அதற்கு இணையாக எது வந்ததோ அதை. யாரோ ஒருவர் பிழை சொல்லியிருக்கிறார், அதற்கு விழும் ஒரு சோதனையை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள், விதியை மாற்றியிருக்கிறீர்கள், மாற்றக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அந்த நாலு படியும் புரியும். `NFC`-யை முன்னால் வைத்ததற்கான காரணத்தையும் கேட்பார்கள். ‘சேர்’ எப்படி ‘சோ்’ ஆகிறது என்பதைப் பலகையில் மூன்று குறியீடு எழுதிக் காட்டினால் ஐந்து நிமிஷம் நன்றாகப் போகும்.

தற்குறிப்பில் ‘தமிழ் மொழிச் செயலாக்கக் கருவி’ என்று பெரிதாகப் போடாதீர்கள். எந்தப் பிழைகளைத் தானாகத் திருத்துகிறது, எவற்றுக்கு எச்சரிக்கை மட்டும் தருகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

வேலைக்குப் போய்க்கொண்டே செய்தால் ரகர விதியும் சோதனைகளும் ஒரு வார இறுதி. கட்டளை வரி, அறிக்கை, `pyproject.toml` எழுதிப் பைபிஐ-யில் ஏற்றுவது இன்னொரு வார இறுதி. வைக்க நினைக்கும் பெயர் அங்கே காலியாக இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஔகாரப் பட்டியல் மட்டும் முடிவதில்லை, மாதத்துக்கு ஒரு சொல் வந்துகொண்டே இருக்கும்.

பதிப்பு எண்ணில் ஒரு நேர்மை வேண்டும். ஒரு விதியை மாற்றினால் பயன்படுத்துபவரின் உரை வேறாக வரும். அதைச் சின்னத் திருத்தம் என்று கடைசி எண்ணை மட்டும் ஏற்றிவிடக் கூடாது. அவர் பத்தாயிரம் கோப்புகளை உங்கள் பழைய விதியில் ஓட்டியிருக்கக்கூடும்.

இது எனக்குப் பிடிக்கவில்லை என்றால் வேறு யோசனை உண்டா?

இதே அளவில் இரண்டு சொல்லலாம். ஒன்று, எண்ணைத் தமிழ்ச் சொல்லாக்குவது. 1,25,000 என்பதை ‘ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம்’ என்று எழுத வேண்டும். ரசீதும் பில்லும் அச்சிடும் மென்பொருள்களுக்கு இது தேவை. எண்களின் புணர்ச்சிதான் வேலை வாங்கும்: நூறு, நூற்று ஒன்று, ஆயிரம், ஆயிரத்து ஐந்து, தொண்ணூறு, தொள்ளாயிரம்.

இன்னொன்று அகரவரிசை. குறியீட்டெண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் வந்துவிடும். நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். பைதானின் `sorted` அகராதி வரிசையைத் தராததற்கு இது ஒரு காரணம். முழுத் தீர்வு ஐசியூ நூலகத்தில் இருக்கிறது, ஆனால் அதை நிறுவுவது பலருக்குச் சிரமம். `key=` இடத்தில் பொருத்த ஒரு செயற்கூறு மட்டும், வேறெந்தச் சார்பும் இல்லாமல், கிரந்த எழுத்துகளை எங்கே வைப்பது என்று பயன்படுத்துபவரைக் கேட்கும்படி எழுதினால், புத்தகத்தின் பின்பகுதியில் சொல்லடைவு போடுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் உரையை முதலில் `NFC` ஆக்க வேண்டியிருக்கும், ‘தோ்தல்’ அங்கேயும் தவறான இடத்தில் போய் உட்காரும்.